வலிக்காத புண்ணை நம்பாதீங்க: சர்க்கரை நோயாளியின் பாதத்தில் கிருமித்தொற்று

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடில், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று பேசினோம். அதைக் கேட்டுவிட்டு வந்த கேள்விகளில் ஒரே கேள்வி வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்ப இருந்தது. "கால்ல புண் இருக்கு டாக்டர், ஆனா வலி கொஞ்சம்கூட இல்ல. அப்போ மெதுவா பார்த்துக்கலாம்தானே?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில். நான் பாதப் புண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர். காலைக் காப்பாற்ற முடிந்தவர்களுக்கும் முடியாமல் போனவர்களுக்கும் நடுவில் பல சமயம் இருக்கும் வித்தியாசம் நாலைந்து நாள்தான். அந்த நாலைந்து நாளில் பாதம் சில தகவல்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வலி மூலமாகச் சொல்லாது. வாடை, நிறம், வீக்கம், ரத்தச் சர்க்கரை அளவு, இப்படி வேறு வழிகளில் சொல்லும். அதை வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.

வலி இல்லாதது நல்ல செய்தி இல்லை

நமக்குக் காலில் முள் குத்தினால் அடுத்த அடி வைக்க மாட்டோம். நொண்டி நொண்டி நடப்போம், அல்லது உட்கார்ந்துவிடுவோம். புண் ஆறுவதற்கு இந்த நொண்டல்தான் முதல் மருந்து. நரம்பு பழுதான பாதத்தில் இந்த நொண்டல் இருக்காது. புண்ணின் மேலேயே முழு உடல் எடையையும் வைத்து ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள் நடப்பார்கள்.

இதை மருத்துவ உலகுக்குத் தெளிவாகக் காட்டியதில் நம்ம வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால் புண்களைக் கவனித்தார். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயமும், அந்தக் காயத்தின் மேலேயே தொடர்ந்து வேலை செய்வதும், அதில் சேரும் கிருமித்தொற்றும்தான் விரல்களை அழிக்கின்றன என்று அவர் காட்டினார். பாதத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாவுக்கட்டு போட்டு, புண்ணின் மேல் விழும் அழுத்தத்தை எடுத்துவிட்டால் புண் ஆறியது. அதே பாடமும் அதே மாவுக்கட்டும்தான் பிறகு சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் வந்தன.

அதனால் கேள்விக்கு என் பதில் இதுதான். புண் இருந்தும் வலி இல்லை என்றால், காவல் காக்க வேண்டிய நாய் குரைக்கவில்லை என்று அர்த்தம். திருடன் வரவில்லை என்று அர்த்தம் இல்லை.

ஒரு வாரக் கதை

நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 56. அரிசி மண்டியில் கணக்கு எழுதுபவர். 12 வருஷமாகச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும். வலது உள்ளங்காலில், இரண்டாவது விரலின் அடிப்பக்கத்தில் ரொம்ப நாளாக ஒரு காய்ப்பு இருந்தது. காய்ப்பு என்றால் தடித்த தோல். அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அந்தக் கறுப்பு, தோலுக்கு அடியில் கசிந்து உறைந்த ரத்தம். காய்ப்புக்குக் கீழே புண் ஏற்கெனவே உருவாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை: வீட்டுத் தரையில் ஈரமான தடம். அவர் மனைவிதான் பார்த்தார். காலைத் திருப்பிப் பார்த்தால் காய்ப்பு வெடித்து, நொய்யரிசி அளவுக்கு ஓர் ஓட்டை. "வலிக்குதாங்க?" "இல்லம்மா, ஒண்ணும் தெரியல." மஞ்சளைக் குழைத்துப் போட்டுத் துணி சுற்றினார்கள். திங்கட்கிழமை வழக்கம்போல மண்டிக்குப் போனார்.

செவ்வாய்: காலை வெறும் வயிற்றில் எப்போதும் 150, 160 காட்டும் மீட்டர் அன்று 280 காட்டியது. முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டதால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

புதன்: பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு, "தாத்தா, இங்க எலி செத்த மாதிரி நாறுது" என்றாள். துணியை மாற்றினார்கள், பவுடர் போட்டார்கள். வாடை கொஞ்ச நேரத்துக்கு அடங்கியது.

வியாழன்: செருப்பின் பட்டை மாட்டவில்லை. புறங்கால், அதாவது பாதத்தின் மேல்பக்கம், பொங்கியிருந்தது. மகன் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி வந்தார்.

வெள்ளி: "இன்னைக்குப் பரவாயில்ல" என்றார். காய்ச்சலும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரி குளிர் நடுக்கம் வந்தது. இரண்டாவது விரல் நீலம் பாரித்தது. ஞாயிறு காலை என்னிடம் வந்தார்.

வந்தபோது உடல் வெப்பம் கிட்டத்தட்ட சாதாரணம். ஆனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 112, மூச்சு 24, வெள்ளை அணுக்கள் 18,000, ரத்தச் சர்க்கரை 420. புண்ணைச் சுற்றியிருந்த நிறமாற்றம் 2 சென்டிமீட்டரை எப்போதோ தாண்டி, பாதத்தின் நடுப்பகுதி வரை வந்திருந்தது. உள்ளங்காலின் வளைவை நான் கட்டைவிரலால் அழுத்தினேன். மூன்று, நாலு சென்டிமீட்டர் தள்ளி இருந்த அந்த நொய்யரிசி ஓட்டை வழியாகச் சீழ் வந்தது. அவர் முகம் சுளிக்கக்கூட இல்லை.

இந்த ஒரு வாரத்தில் பாதம் நான்கு முறை செய்தி சொல்லியிருக்கிறது. செவ்வாய் சர்க்கரை அளவு மூலம், புதன் வாடை மூலம், வியாழன் வீக்கமும் நிறமும் மூலம், சனி நடுக்கம் மூலம். முதல் மூன்றுக்கும் வீட்டில் ஒவ்வொரு விளக்கம் தயாராக இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

வாடை எங்கிருந்து வருகிறது

பாதத்தின் மேல்தோலில் எப்போதும் கிருமிகள் இருக்கும். புண் என்று ஒன்று வந்தால் அதிலும் கிருமிகள் குடியேறும். அது மட்டுமே தொற்று ஆகிவிடாது. கிருமிகள் உயிருள்ள திசுவுக்குள் நுழைந்து, அதைக் கெடுக்க ஆரம்பித்து, உடம்பு அதற்கு எதிர்வினை காட்டும்போதுதான் தொற்று என்கிறோம்.

சதை செத்துப்போய், காற்றுப் படாத ஆழத்தில் கிடக்கும்போது, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளுக்கு அது நல்ல விளைநிலம். அவை புரதத்தைச் சிதைக்கும்போது வெளியாகும் பொருட்கள்தான் அந்த அழுகல் வாடையைத் தருகின்றன. செத்த எலியின் வாடையும் இந்த வாடையும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், இரண்டிலும் நடப்பது ஒரே வேலை. பேத்தி சொன்னது சரியான நோயறிதல். வேறொரு வகை வாடையும் உண்டு. சூடோமோனாஸ் என்ற கிருமி இருந்தால், கட்டுத் துணியில் பச்சை நிறக் கறையும் அதோடு கொஞ்சம் இனிப்பான, பழ வாடை போன்ற ஒன்றும் வரலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். எல்லா வாடையும் ஆபத்து இல்லை. சில வகைக் கட்டுகளை இரண்டு மூன்று நாள் கழித்துப் பிரிக்கும்போது கட்டுக்கே ஒரு வாடை இருக்கும். அதனால் கட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பழைய கட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு, உப்புநீரால் அல்லது சுத்தமான தண்ணீரால் புண்ணைக் கழுவுங்க. கழுவிய பிறகும் புண்ணிலிருந்தே வாடை வருகிறது என்றால், அல்லது நேற்று இல்லாத வாடை இன்று இருக்கிறது என்றால், அது புண்ணின் வாடை. அன்றைக்கே காட்டணும்.

இன்னொரு விஷயம். நோயாளிக்குத் தன் புண்ணின் வாடை பல சமயம் தெரியாது. மூக்கு பழகிவிடும். அதனால் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருபவர், பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அவர்கள் சொன்னால் பவுடர், அத்தர், டெட்டால் போட்டு வாடையை மறைப்பது, எரியும் வீட்டில் அபாயச் சங்கை நிறுத்துவது மாதிரி.

நம்ம தோலில் சிவப்பு எப்படித் தெரியும்

மருத்துவப் புத்தகங்களில் "சிவந்து காணப்படும்" என்று எழுதியிருக்கும். அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம்ம மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தத் தக்காளிச் சிவப்பு வராது. பல பேர் "சிவக்கவே இல்லையே" என்று தாமதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம தோலில் என்ன வரும்? அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ தெரியும். தோல் எண்ணெய் பூசியது மாதிரிப் பளபளக்கும். விரல்களின் மேலும் புறங்காலிலும் இருக்கும் சின்னச் சின்னச் சுருக்கங்கள் காணாமல் போயிருக்கும். உங்க புறங்கையால் முதலில் நல்ல காலைத் தொடுங்க, பிறகு அதே இடத்தை இந்தக் காலில் தொடுங்க. சூடு வித்தியாசம் தெரியும். உள்ளங்கையைவிடப் புறங்கை இதற்கு நல்லது. சந்தேகம் இருந்தால் பகல் வெளிச்சத்தில், இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே போட்டோவில் எடுங்க.

அடுத்தது அளவு. இதற்கு உலக அளவில் மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. புண்ணின் விளிம்பைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ். இந்த ஐந்தில் ஏதாவது இரண்டு இருந்தாலே தொற்று என்று வைத்துக்கொள்கிறோம். சிவப்பு புண்ணின் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள், தோலோடும் அதற்கு அடுத்த கொழுப்போடும் நின்றால் லேசான தொற்று. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது தொற்று அதைவிட ஆழமாகப் போனால், நடுத்தர நிலை. அதோடு காய்ச்சல், வேகமான நாடி, வேகமான மூச்சு, வெள்ளை அணு மாற்றம், இவற்றில் இரண்டு சேர்ந்தால் தீவிரம். மண்டிக்காரருக்குக் காய்ச்சல் இல்லாமலேயே மற்ற மூன்றும் இருந்தன.

வீட்டில் ஸ்கேல் தேட வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். நாணயத்தைப் புண்ணின் விளிம்பில் வைத்துப் பாருங்க. நிறமாற்றம் நாணயத்தைத் தாண்டி வெளியே தெரிந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

நிறமாற்றம் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்க. "புதன், மாலை 6." மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தில் அது கோட்டைத் தாண்டினால், பார்க்கும் மருத்துவருக்கு ஒரே பார்வையில் வேகம் புரியும். ஆனால் கோடு போட்டுவிட்டு வீட்டிலேயே இரண்டு நாள் வேடிக்கை பார்ப்பதற்கு இல்லை அது.

இந்த அடையாளத்துக்கும் எல்லை உண்டு. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருப்பவர்களுக்கு உடம்பால் சிவப்பும் சூடும் காட்டவே முடியாமல் போகலாம். ஏனென்றால் இரண்டுக்கும் ரத்தம் வேண்டும். அவர்களுக்கு வாடையும், புண்ணைச் சுற்றித் தோல் கறுப்பதும் மட்டுமே வெளியே தெரியலாம். அதே ஆட்களுக்குக் காலைத் தொங்கவிட்டால் பாதம் சிவந்து, படுத்துக் காலைத் தூக்கினால் அந்தச் சிவப்பு வடிந்துவிடும். கிருமித்தொற்றின் சிவப்பு காலைத் தூக்கினாலும் அப்படி மறையாது. இரண்டுமே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்தான்.

உள்ளங்காலுக்குள் என்ன நடக்கிறது

தாமதம் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ளப் பாதத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளணும்.

உள்ளங்காலில் தோலுக்கு அடியில் கெட்டியான, சாக்குத் துணி மாதிரி வலுவான ஒரு படலம் இருக்கிறது. அதிலிருந்து உள்நோக்கிச் சுவர்கள் போய் பாதத்தை நீளவாக்கில் சில அறைகளாகப் பிரிக்கின்றன. விரல்களை மடக்கும் தசைநாண்கள் இந்த அறைகளின் வழியாகத்தான் கணுக்காலைத் தாண்டி கெண்டைக்காலுக்குப் போகின்றன. தசைநாண் என்றால் கயிறு போல இருக்குமே, அதுதான்.

விரலின் அடியில் இருக்கும் புண்ணிலிருந்து கிருமி இந்தக் கயிற்றைத் தொட்டுவிட்டால், அதற்கு ஒரு ரோடு கிடைத்த மாதிரி. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் கயிறு முன்னும் பின்னும் இழுபடும், உடல் எடை மேலிருந்து அழுத்தும். நடப்பதே சீழை உள்ளே பம்ப் அடிக்கும். மண்டிக்காரர் திங்கள் முதல் சனி வரை செய்தது அதுதான். வெளியே ஓட்டை அதே நொய்யரிசி அளவில் இருந்தது. உள்ளே அது பாதத்தின் நடு அறை முழுக்கப் பரவிவிட்டது.

கீழே இருக்கும் படலம் விரியாது. அதனால் சீழ் உள்ளங்காலில் இருந்தாலும், வீக்கம் தோல் மென்மையாக இருக்கும் புறங்காலில்தான் முதலில் தெரியும். "புண் அடியில இருக்கு, வீக்கம் மேலதானே, வேற ஏதோ" என்று நினைப்பது இதனால்தான். உண்மையில் புண் உள்ளங்காலிலும் வீக்கம் புறங்காலிலும் இருந்தால், உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூடிய அறைக்குள் அழுத்தம் ஏற ஏற, உள்ளே ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கும். விரலுக்குப் போகும் நுண்ணிய குழாய்களுக்குள் தொற்றினால் ரத்தம் உறையும். அப்போது விரல் நீலமாகி, பிறகு கறுப்பாகும். மண்டிக்காரருக்குப் புறங்காலில் நாடி நன்றாகவே கிடைத்தது. பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை. அப்படியும் விரல் செத்தது. சீழை வெளியேற்றுவதில் நேரம் தவறினால், நல்ல ரத்த ஓட்டம் உள்ள காலிலும் விரல் போகும்.

மாத்திரை சாப்பிட்டும் ஏன் நிற்கவில்லை? ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த சதைக்குள் ரத்தம் ஓடாது, சீழ்க்கட்டிக்குள்ளும் ஓடாது. அதனால் மருந்து அதன் ஓரம் வரைதான் போகும். ஓரத்தில் இருக்கும் கிருமிகள் குறைந்ததும் வெள்ளிக்கிழமை கொஞ்சம் நல்லா இருந்த மாதிரித் தெரிந்தது. நடுவில் இருந்த சீழ் அப்படியே இருந்தது. அந்த ஒரு நாள் நிம்மதிதான் அவரைச் சனிக்கிழமை வரை வீட்டில் வைத்திருந்தது.

சர்க்கரையும் இதில் ஒரு சுழல். கிருமித்தொற்று வந்தால் உடம்பு அதை எதிர்கொள்ளச் சில ஹார்மோன்களைச் சுரக்கும். அவை ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினால் கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகும். தொற்று இன்னும் வளரும், சர்க்கரை இன்னும் ஏறும். அதனால்தான் சொல்கிறேன், காலில் புண் இருக்கும் ஒருவருக்கு, சாப்பாட்டிலும் மருந்திலும் பெரிய மாற்றம் இல்லாமல் சர்க்கரை திடீரென்று ஏறினால், முதலில் அந்தப் புண்ணைப் பாருங்க. கல்யாணச் சாப்பாட்டைப் பிறகு குறை சொல்லலாம்.

காய்ச்சலுக்காகக் காத்திருப்பதும் இதே வகைத் தப்பு. ஆழமான பாதத் தொற்று உள்ள சர்க்கரை நோயாளிகளில் பல பேருக்குக் காய்ச்சல் வருவதில்லை. காய்ச்சல் இருந்தால் அவசரம். இல்லை என்றால் அவசரம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்

இதைத் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும். "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க" என்ற பயத்தில்தான் பலர் தள்ளிப் போடுகிறார்கள். சீக்கிரம் போனால் எடுப்பது பெரும்பாலும் செத்த சதையை மட்டும்தான்.

முதலில் நாடி பார்ப்போம், புறங்காலிலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும். பிறகு முனை மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விட்டுப் பார்ப்போம். கல்லில் பட்ட மாதிரி 'டக்'கென்று தட்டினால் எலும்பு வரை போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுப்போம். ஆனால் எலும்பில் கிருமி புகுந்த மாற்றம் எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தால் எலும்பு தப்பித்தது என்று அர்த்தம் இல்லை. எக்ஸ்ரேயில் சதைக்குள் காற்றுக் குமிழ்கள் தெரிந்தால் அது உடனடி அறுவை சிகிச்சைக்கான சேதி.

சீழ் தேங்கியிருந்தால் அதைத் திறந்துவிடுவதுதான் சிகிச்சை. மருந்து அதற்குத் துணை. கிருமிப் பரிசோதனைக்குப் புண்ணின் மேல் பஞ்சால் துடைத்து எடுப்பதைவிட, சுத்தம் செய்த பிறகு ஆழத்திலிருந்து எடுக்கும் சதைத் துணுக்கு நம்பகமானது. மேல்பரப்பில் குடியிருக்கும் கிருமி வேறு, ஆழத்தில் வேலை செய்யும் கிருமி வேறு. நீங்களே இரண்டு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு வந்தால், இந்தப் பரிசோதனையில் ஒன்றுமே வளராமல் போகலாம். எந்த மருந்து என்பதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டிவரும்.

மண்டிக்காரருக்கு அன்றைக்கே உள்ளங்காலைத் திறந்தோம். இரண்டாவது விரலை எடுக்க வேண்டியிருந்தது. செத்துப்போன தசைநாணையும் எடுத்தோம். நரம்பு வழி மருந்து, இன்சுலின், இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு சுத்தப்படுத்தல். பாதம் தப்பித்தது. புண் முழுசாக மூட மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவர் மண்டிக்குப் போகவில்லை. புதன்கிழமை பேத்தி சொன்ன அன்றைக்கு வந்திருந்தால் விரல் நிச்சயம் தப்பித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று விரலுக்கு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. திறக்க வேண்டிய இடமும் சின்னதாக இருந்திருக்கும்.

வீட்டில் எப்போது, என்ன செய்வது

இந்தப் பகுதியை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்க.

சர்க்கரை நோயாளிக்குக் காலில் புதிதாகப் புண், கொப்புளம், காய்ப்புக்குள் கறுப்புப் புள்ளி, தரையிலோ படுக்கை விரிப்பிலோ ஈரத் தடம் தெரிந்தால், 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்க. ஆரம்பச் சுகாதார நிலையம் போதும்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்க. வண்டி இல்லை என்றால் 108.

– கழுவிய பிறகும் புண்ணில் வாடை, அல்லது சீழ்
– ஒரு ரூபாய் நாணயத்தைத் தாண்டிய சிவப்பு அல்லது கருமை, காலில் மேல்நோக்கி ஓடும் கோடு
– புறங்கால் வீக்கம், செருப்பு திடீரென்று மாட்டாமல் போவது
– விரல் நீலமாவது, கறுப்பது. அழுத்தினால் தோலுக்கு அடியில் நறநறப்பு
– குளிர் நடுக்கம், காய்ச்சல், குழப்பமான பேச்சு, காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை
– இதுவரை வலிக்காத பாதத்தில் புதிதாக வலி

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்க. உணர்ச்சி குறைந்த பாதமே வலிக்கிறது என்றால், உள்ளே அழுத்தம் அந்த அளவுக்கு ஏறியிருக்கிறது.

போகும் வரைக்கும் அந்தக் காலை ஊன்ற வேண்டாம். இதுதான் முதல் உதவி. புண்ணைக் கழுவி, சுத்தமான காய்ந்த துணியால் தளர்வாக மூடுங்க. வெந்நீரில் காலை வைக்காதீங்க, உணர்ச்சி இல்லாத கால் வெந்துபோனாலும் தெரியாது. மஞ்சள், சுண்ணாம்பு, பேஸ்ட், பவுடர் எதுவும் வேண்டாம். பார்க்கும் மருத்துவருக்கு உண்மையான நிறம் தெரியணும். காய்ப்பை பிளேடால் சீவாதீங்க. சாப்பிடும் மருந்துச் சீட்டையும், கடைசி சில நாள் சர்க்கரை அளவையும், போட்டோவையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்க.

புண் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது எலும்பு மூட்டுகள் நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். அதிலும் காலை ஊன்றக் கூடாது, உடனே காட்டணும். அடுத்த எபிசோடில் அதைத்தான் எடுக்கப்போகிறோம்.

இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன்னால், வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், வேறொருவர் அவருடைய உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்க. ரெண்டு நிமிஷம் ஆகும்.